இழை: கேமராவும் ஒலியும் மெல்லப் பிரிவதற்கு ஒரு சொல்

லாஸ்பேட்டை டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். வீடியோ பாட்காஸ்ட் எடுப்பது பற்றி மாணவர்களுக்கு நாலு பக்கக் குறிப்பு, திங்கள் காலை நகலெடுக்கப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது.

இரண்டு கேமரா, மைக்குகள் தனியாக ஒரு ரெக்கார்டரில். தொடக்கத்தில் கைதட்டி, அந்தத் தட்டலை வைத்து மூன்றையும் பொருத்துகிறோம். போன வாரம் 52 நிமிடப் பேட்டி. முதல் தட்டல் கச்சிதமாகப் பொருந்தியது. முடிவிலும் ஒருமுறை தட்டச் சொல்லியிருந்தேன். அங்கே உள்ளங்கைகள் சேர்ந்து 3 ஃப்ரேம் கழித்துத்தான் சத்தம் வருகிறது! 'டிரிஃப்ட்' என்று எழுதினால் பசங்க கார் பந்தயத்தை நினைக்கிறார்கள். தமிழில் என்ன போடலாம்?

வில்லியனூரான்:
சொல் எதுக்கு டீச்சர், கோளாறையே எடுத்துடலாமே. ரெக்கார்டர் 44.1 கிலோஹெர்ட்ஸில் இருக்கும், கேமரா 48. இரண்டையும் 48 ஆக்குங்க, முடிஞ்சது.

திண்ணைப் புலவர்:
'வழுவல்' இருக்கச் சொல்லுக்கு ஏன் அலைய வேண்டும்? வழாநிலை, வழு, வழுவமைதி என்று இலக்கணத்திலேயே மூன்று படி உண்டு. "செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்" என்பது தொல்காப்பியம். பேட்டி என்பதே செப்பும் வினாவும்தானே! அப்புறம், வழு, நழுவு, வழுக்கு மூன்றும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். வழலைப் பாம்பையும் இதில் சேர்க்கலாம்...

கெடிலக்கரை:
பாம்பை அப்புறம் பிடிக்கலாம் ஐயா.

வில்லியனூர் தம்பி, எல்லாவற்றையும் 48-இல் வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் இது அதில்லை. 44.1-இல் பதிந்ததை 48 என்று ஓட்டினால் ஒரு நிமிடத்திலேயே ஏறக்குறைய 5 வினாடி போய்விடும், குரலும் கீச்சென்று மாறும். டீச்சருக்கு 52 நிமிடத்தில் 3 ஃப்ரேம். 25 ஃப்ரேம் கணக்கில் 120 மில்லி வினாடி. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் கடிகாரம் இருக்கிறது. இரண்டுமே 48 என்றுதான் சொல்லும், ஆனால் ஒன்று பத்து லட்சத்தில் 38 பங்கு வேகமாக எண்ணுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

டீச்சர், 26-ஆவது நிமிடத்தில் உதட்டைப் பாருங்கள். ஒன்றரை ஃப்ரேம் போல விலகியிருந்தால் கடிகாரம். அதுவரை சரியாக இருந்து ஓரிடத்தில் சட்டென்று குதித்தால் வேறு நோய்: ஃப்ரேம் விட்டுப்போயிருக்கும், அல்லது கேமரா கோப்பைத் துண்டாக்கிய இடம். சொல் முதலாவதற்கு மட்டும் பொருந்த வேண்டும். அதனால் 'வழு' வேண்டாம். மென்பொருள்காரர்கள் அதைப் பக் என்பதற்கு எடுத்துக்கொண்டு வெகுநாளாகிறது.

முத்தியால்பேட்டை அக்கா:
ஆடியோ மட்டும் வெளியிடுபவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது என்று எழுத வந்தேன். அப்புறம்தான் எங்கள் கதை ஞாபகம் வந்தது. நானும் தங்கையும் ஆளுக்கொரு ரெக்கார்டர் சட்டையில் மாட்டிக்கொண்டு பேசினோம். 40 நிமிடம் தாண்டியதும் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து இரண்டு தடவை வந்தது. அறை எதிரொலி என்று நினைத்து ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினேன்!

கெடிலக்கரை:
அதேதான் அக்கா. உங்கள் குரல் தங்கையின் மைக்கிலும் கொஞ்சம் விழுகிறது. இரண்டு கடிகாரமும் விலக விலக அது எதிரொலியாகிறது. இரண்டு மைக்கையும் ஒரே ரெக்கார்டரில் செருகுங்கள், போர்வை மிச்சம். டீச்சருடைய ஆடியோ பதிப்புக்கும் ரெக்கார்டர் ஒலியை அப்படியே விட்டுவிடலாம். வீடியோவுக்குப் போகும் நகலை மட்டும் 120 மில்லி வினாடி சுருக்கினால் போதும், காதுக்குத் தெரியாது.

தேவனாம்பட்டினம்:
எங்க ஆளுங்க கடல் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு வலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் படகு நகர்வதே தெரியாது, தலை நிமிர்ந்தால் கரை எங்கேயோ இருக்கும். 'ஒலி நீவாடு' என்று வைக்கலாமே?

திண்ணைப் புலவர்:
அருமை! நீர் + வாடு? அல்லது வாடையோடு உறவா? இரண்டு நாள் கொடுங்கள், எழுதுகிறேன்.

வில்லியனூரான்:
டீச்சர் வகுப்பில் பாதிப்பேர் கடலை பீச்சில் மட்டும்தான் பார்த்திருப்பார்கள். 'நழுவல்' போடுங்க, கேட்டதும் புரியும்.

கெடிலக்கரை:
கைக்காசு நழுவுவது ஒரு நொடியில் நடப்பது. இது 52 நிமிடம். ஆனாலும் 'வழுவல்' அளவுக்குக் குழப்பாது.

லாஸ்பேட்டை டீச்சர்:
ஞாயிறு இரவு பத்தரை. 26-ஆவது நிமிடத்தில் பார்த்தேன், ஒன்றோ இரண்டோ ஃப்ரேம், கடிகாரம்தான். 'ஒலி நழுவல்' என்று அடித்துவிட்டேன், சட்டென்று குதிப்பதற்குத் 'தாவல்'. நீவாடு பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போகிறது.

திண்ணைப் புலவர்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். வழலை பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.