பொருள்: காணும் பொங்கல் சாப்பாட்டுக் கணக்கு – ஃபார்ம் பதில்களை ஷீட்டில் சேர்ப்பது எப்படி?

துணைச் செயலாளர், சிங்கப்பூர்:

எல்லோருக்கும் வணக்கம். காணும் பொங்கலன்று ஊரில் கூடுவதைப் பற்றி வாட்ஸ்அப்பில் கேட்டதும் பதில்கள் வரத் தொடங்கிவிட்டன. ஒருவர் "குடும்பத்தோட வர்றோம்" என்கிறார், ஒருவர் கட்டைவிரல் மட்டும் போடுகிறார், இன்னொருவர் நேற்று நாலு என்று சொல்லிவிட்டு இன்று மாமியாரும் வருகிறார் என்கிறார். சமையல்காரருக்கு வேண்டியது மூன்றே கணக்குதான்: காலைப் பந்திக்கு எத்தனை பேர், மதியத்துக்கு எத்தனை பேர், மதியத்தில் சைவ இலை எத்தனை. கூகுள் ஃபார்ம் போடலாம் என்று நினைக்கிறேன். எனக்கு புரோகிராம் எழுத வராது. பதில்கள் தானாக ஒரு ஷீட்டில் விழுந்து கூட்டலும் ஆகிவிட வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடக்குத் தெரு, துபாய்:

தம்பி, இது அஞ்சு நிமிட வேலை. ஃபார்மில் Responses என்று மேலே இருக்கும், அதில் Link to Sheets அழுத்தினால் புது ஷீட் ஒன்று திறக்கும். அதன்பிறகு யார் நிரப்பினாலும் ஒரு வரி அதில் சேரும். எங்கள் கிரிக்கெட் குழுவுக்கு இப்படித்தான் செய்கிறோம். தினமும் சாயங்காலம் CSV ஆக இறக்கி எக்செலில் திறந்து கூட்டிக்கொள், முடிந்தது.

மேலத் தெரு, மதுரை:

மாப்பிள்ளை, ஃபார்ம் என்றால் போன வருஷம் சங்கப் பதிவுக்குக் கையெழுத்து வாங்கினார்களே அதுவா? அதற்கு நான் ஏற்கெனவே போட்டோவும் ஆதார் நகலும் கொடுத்துவிட்டேன். திரும்பக் கொடுக்க வேண்டுமா? சாப்பாட்டுக்கு ஆதார் எதற்கு?

துணைச் செயலாளர், சிங்கப்பூர்:

இல்லை மாமா, இது சாப்பாட்டுக்கு ஆள் கணக்கு மட்டும்தான், ஆதாரெல்லாம் வேண்டாம். நீங்களும் அத்தையும் வருகிறீர்கள் என்று நானே போட்டுவிடுகிறேன்.

கோயில் தெரு, நியூ ஜெர்சி:

தம்பி, துபாய் அண்ணன் சொன்ன Link to Sheets சரிதான், அதுதான் முதல் படி. தினமும் இறக்கிக் கூட்ட வேண்டியதில்லை. எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு நான்தான் இந்த வேலையைப் பார்க்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

கணக்கு கெடுவது ஷீட்டில் இல்லை, கேள்வியில்தான். "எத்தனை பேர்?" என்று சும்மா ஒரு பெட்டி வைத்தால் நம் ஆட்கள் என்ன எழுதுவார்கள் என்று பார். முதல் வீடு 4 என்று எழுதும். அடுத்த வீடு "3 பேர்". மூன்றாவது வீடு "5+1 குழந்தை". நாலாவது 2. உண்மையில் 15 பேர். SUM போட்டால் 6 என்றுதான் வரும், ஏனென்றால் எழுத்து கலந்த கட்டத்தை அது எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது, தவறு என்றும் சொல்லாது, பேசாமல் விட்டுவிடும். கண்டுபிடிக்க ஒரே அடையாளம், எண் கட்டத்தில் வலதுபக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடதுபக்கம் ஒட்டும். அந்த நிரலில் இடதுபக்கம் ஒட்டியது ஒன்று இருந்தாலும் கூட்டல் குறைகிறது என்று அர்த்தம்.

அதனால் Short answer கேள்விக்குக் கீழே மூன்று புள்ளியைத் தொட்டு Response validation போடு. Number, பிறகு Between, 0 மற்றும் 15. "எண் மட்டும் போடவும், உதாரணம் 4" என்று பிழைச் செய்தியையும் தமிழிலேயே எழுதிவிடு. பெரியவர்கள் ஒரு பெட்டி, பத்து வயதுக்குள் பிள்ளைகள் ஒரு பெட்டி, மொத்தத்தில் சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு பெட்டி. சைவமா அசைவமா என்று வீட்டுக்கு ஒரு தேர்வு வைக்காதே, ஒரே வீட்டில் பாட்டி சைவம், பேரன் அசைவம். மூன்று பெட்டியையும் Required ஆக்கு, இல்லாவிட்டால் காலியாக விட்டுப் போவார்கள்.

வேளைக்கு Checkboxes வை: காலை, மதியம். இரண்டையும் தொட்டால் ஷீட்டில் ஒரே கட்டத்தில் "காலை, மதியம்" என்று காற்புள்ளியோடு வரும். அதைப் பிரிக்கவெல்லாம் வேண்டாம், நட்சத்திரம் போட்டுத் தேடினால் போதும்.

ஷீட்டில் நிரல்கள் இந்த வரிசையில் வரும் என்று வைத்துக்கொள்: A நேரம் (தானே வரும்), B பெயர், C போன், D எந்த ஊரிலிருந்து, E பெரியவர், F பிள்ளைகள், G சைவம், H வேளை. அந்தத் தாளில் கையே வைக்காதே. கீழே + அழுத்தி இன்னொரு தாள் திறந்து, அதில் இதைப் போடு:

```
=SUMIF('Form Responses 1'!H:H,"*மதியம்*",'Form Responses 1'!E:E)
```

இது மதியத்துக்கு வரும் பெரியவர்கள். கடைசி E:E ஐ F:F ஆக்கினால் பிள்ளைகள், G:G ஆக்கினால் சைவ இலை. "*மதியம்*" என்பதை "*காலை*" ஆக்கினால் காலைப் பந்தி. மேற்கோளுக்குள் இருக்கும் தாளின் பெயர் உன் ஷீட்டில் கீழே என்ன பெயர் காட்டுகிறதோ அதுவாக இருக்க வேண்டும்.

மூன்று வீட்டை வைத்துச் சரிபார். முதல் வீடு பெரியவர் 4, பிள்ளை 2, சைவம் 1, இரண்டு வேளையும். இரண்டாவது 2, 0, 2, மதியம் மட்டும். மூன்றாவது 3, 1, 0, காலை மட்டும். மதியத்துக்குப் பெரியவர் 6, பிள்ளை 2, சைவம் 3 வர வேண்டும், அப்படியானால் அசைவ இலை 5. இது சரியாக வந்தால்தான் இணைப்பைக் குழுவில் போடு. போடுவதற்கு முன் அந்த மூன்றையும் ஃபார்மிலும் ஷீட்டிலும் தனித்தனியாக நீக்கிவிடு, ஓரிடத்தில் நீக்கினால் மற்றதில் போகாது.

ஒரு எச்சரிக்கை. தேர்வுகளில் "மதியம் வேண்டாம்" என்று ஒன்று சேர்த்துவிடாதே. அதிலும் "மதியம்" இருப்பதால் அவர்களுக்கும் இலை போட்டுவிடும்.

தெற்குத் தெரு, ஃபிராங்க்ஃபர்ட்:

அக்கா, நான் ஒரு ஷீட் திறந்து இதே வாய்ப்பாட்டை ஒட்டிப் பார்த்தேன், #ERROR! என்று வருகிறது. எழுத்துப்பிழை எதுவும் இல்லை, மூன்று முறை பார்த்துவிட்டேன்.

கோயில் தெரு, நியூ ஜெர்சி:

உன் ஷீட் ஜெர்மன் அமைப்பில் திறந்திருக்கும். அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி என்பதால் வாய்ப்பாட்டில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி ; போட வேண்டும். இல்லையென்றால் File, பிறகு Settings போய் Locale ஐ மாற்று. அந்த இடத்திலேயே Time zone இருக்கிறது, அதை இந்திய நேரத்துக்கு வைத்துவிடுவது நல்லது, A நிரலில் விழும் நேரம் அதன்படிதான் வரும். பத்தாம் தேதி இரவோடு முடிகிறது என்று அறிவித்தால் யாருடைய இரவு என்ற கேள்வி வராது.

கீழத் தெரு, லண்டன்:

எல்லாம் சரி. எங்கள் வீட்டில் நானும் நிரப்புவேன், அவரும் அங்கே ஆபீஸிலிருந்து நிரப்புவார். போன தீபாவளிக்கு ஒரு சங்கத்தில் இப்படித்தான் சோறு மிஞ்சி அண்டா அண்டாவாகக் கொட்டினார்கள். ஒருவருக்கு ஒரு தடவைதான் என்று பூட்ட முடியாதா?

வடக்குத் தெரு, துபாய்:

முடியும், Settings இல் Limit to 1 response இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை.

கோயில் தெரு, நியூ ஜெர்சி:

அண்ணே, அதைப் போட்டால் ஒவ்வொருவரும் கூகுள் கணக்கில் நுழைந்துதான் நிரப்ப முடியும். கடவுச்சொல் மறந்த பெரியவர்கள் அத்தனை பேரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். கணவனும் மனைவியும் இரண்டு கணக்கில் நுழைந்தால் இரண்டும் சேரத்தான் செய்யும், அதனால் லண்டன் அக்காவின் வீட்டுக்கு அது உதவாது.

நான் செய்வது வேறு. ஃபார்மின் தலைப்பிலேயே "வீட்டுக்கு ஒருவர் மட்டும்" என்று எழுதி, போன் கேள்விக்கு "ஊரில் எல்லோரும் அழைக்கும் வீட்டு எண்" என்று கேட்பேன். பிறகு போன் நிரலைத் தேர்ந்து Format, Conditional formatting, Custom formula is:

```
=COUNTIF($C:$C,$C1)>1
```

ஒரே எண் இரண்டு தடவை வந்தால் இரண்டும் நிறம் மாறும். அப்போது அழித்துவிடாமல் I நிரலில் பழைய வரிக்கு நேரே x போடுவேன். கூட்டலை இப்படி மாற்றிவிடலாம்:

```
=SUMIFS('Form Responses 1'!E:E,'Form Responses 1'!H:H,"*மதியம்*",'Form Responses 1'!I:I,"<>x")
```

யாராவது "நான் போட்டேனே, எங்கே போச்சு" என்று கேட்டால் வரி அப்படியே இருக்கும், காட்டலாம். ஒருவர் எண்ணுக்கு நடுவில் இடைவெளி விட்டு, இன்னொருவர் விடாமல் எழுதினால் நிறம் மாறாது. பெயர்வாரியாக ஒரு தடவை கண்ணால் பார்க்கத்தான் வேண்டும், அதற்கு மாற்று எனக்குத் தெரியவில்லை.

வடக்குத் தெரு, துபாய்:

சரிம்மா, ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்று, சமையல்காரரின் மகனுக்கு எக்செலில்தான் அனுப்ப வேண்டுமாம். பரிசோதனைக்காக நான் CSV இறக்கித் திறந்தேன், எண்கள் சரியாக இருக்கின்றன, தமிழ்ப் பெயரெல்லாம் à®®à® என்று வருகிறது. எழுத்துரு இல்லையா?

கோயில் தெரு, நியூ ஜெர்சி:

எழுத்துரு காரணமில்லை அண்ணே. கோப்பில் தமிழ் UTF-8 ஆக ஒழுங்காகத்தான் இருக்கிறது, இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது எக்செல் அதை வேறு குறிமுறை என்று நினைத்துப் படிக்கிறது. அப்படியே சேமித்துவிடாதீர்கள், பிறகு மீட்பது கஷ்டம். ஷீட்டில் File, Download, Microsoft Excel (.xlsx) என்று இறக்கினால் தமிழ் தமிழாகவே வரும்.

கோயில் தெரு, ஷாங்காய்:

தம்பி, எனக்கு அந்த இணைப்பே திறக்காது, இங்கே கூகுள் முடக்கம். ஊரில் இருக்கும் தம்பியிடம் சொல்லி எங்கள் வீட்டுக்கு நிரப்பச் சொல்கிறேன். அப்புறம், அவன் தன் வீட்டுக்கும் அதே போன் எண்தான் போடுவான், இரண்டும் நிறம் மாறுமே. அதில் x போட்டுவிடாதே.

கீழத் தெரு, லண்டன்:

நானும் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஷீட்டில் எல்லோருடைய போன் எண்ணும் இருக்கிறது. இணைப்பைக் குழுவில் போட்டால் நூறு பேர் பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

துணைச் செயலாளர், சிங்கப்பூர்:

சரிதான் அக்கா. பதில் தாளை மறைத்துவிட்டு மொத்தம் இருக்கும் தாளை மட்டும் காட்டலாமா என்று பார்த்தேன், ஆனால் பார்க்கும் உரிமை உள்ளவர் ஒரு நகல் எடுத்தால் மறைத்த தாளையும் திறந்துவிடலாம். அதனால் ஷீட்டை நானும் பொருளாளரும் மட்டும் வைத்துக்கொள்கிறோம், மொத்தத்தைத் தினமும் குழுவில் எழுதுகிறேன். யார் யார் வருகிறார்கள் என்று பெயர்ப்பட்டியல் கேட்பவர்களுக்கு என்ன செய்வது என்று பொருளாளரோடு இன்னும் பேசவில்லை, அவர் பட்டியல் போட வேண்டும் என்கிறார். ஷாங்காய் அண்ணன் வீட்டு வரிகள் இரண்டும் கணக்கில் இருக்கும். ஃபார்மை என் ஆபீஸ் கணக்கில் செய்யவில்லை, வெளியாட்களுக்குத் திறக்காமல் போகலாம் என்பதால் சங்க ஜிமெயிலில் செய்திருக்கிறேன். நாளை காலை இணைப்பு வரும். நியூ ஜெர்சி அக்கா சொன்ன மூன்று வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், 6, 2, 3 சரியாக வந்தது.