டெலிவரிக்கு வந்தவர் கூடுதல் பணம் வாங்கிவிட்டார். ஆதாரமில்லை என்று புகாரை மூடிவிட்டார்கள்

மூன்றாம்மாடி:
நேற்று மாலை கனமான பார்சல் ஒன்று வந்தது. பணம் முன்பே கட்டியாகிவிட்டது. மாடிக்குத் தூக்கி வந்ததற்குத் தனியாகத் தர வேண்டும் என்றார் கொண்டுவந்தவர். பில்லில் அப்படி எதுவும் இல்லையே என்றதும் குரல் உயர்ந்தது. "தராவிட்டால், வாங்க மறுத்ததாகப் பதிந்துவிட்டு எடுத்துப் போய்விடுவேன்" என்றார். அம்மா நடுங்கிப்போனார். வந்தவர் தன் கைப்பேசியில் நீட்டிய கியூஆர் குறியீட்டுக்கே பணம் அனுப்பினேன். இரவே புகார் கொடுத்தேன். காலையில் "ஆதாரமில்லை" என்று மூடிவிட்டார்கள். பணத்தைவிட அம்மாவிடம் அவர் பேசிய பேச்சுதான் ஆறவில்லை. இனி என்ன செய்யலாம்?

வெயில்நிழல்:
ஓடிபி சொல்லாமல் இருந்திருந்தால் அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

மழைக்காலம்:
எனக்கும் இதே அனுபவம். பெட்டிக்குள் பாதிப் பொருளைக் காணவில்லை. பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள்.

மூன்றாம்மாடி:
பொருள் முழுமையாக வந்துவிட்டது. வாசலில் வாங்கிய பணம்தான் சிக்கல்.

பழைய குறைதீர்ப்பாளர்:
புகார்ப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன். பொருள் கைக்கு வரும்முன் ஓடிபி சொல்லக் கூடாது என்பது சரி. ஆனால் ஓடிபி இல்லாமலேயே "வாடிக்கையாளர் மறுத்தார்" என்று பதிய முடிகிற செயலிகள் உண்டு. அப்போது அவர் வாசலில் நிற்கும்போதே உதவி மையத்தை அழைப்பதுதான் பலன் தரும். அந்த அழைப்பின் நேரமே சாட்சியாகிவிடும்.

உங்களிடம் இருப்பதிலேயே வலுவானது அந்தப் பணப் பரிமாற்றம். பெறுபவர் பெயர், நேரம், பரிமாற்ற எண் மூன்றும் தெரியும்படி படம் எடுங்கள். நிறுவனத்தின் கணக்குக்குப் போகாமல் தனிநபர் கணக்குக்குப் போன பணத்துக்கு அவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும். ஆர்டர் பக்கத்தில் "ஒப்படைக்கப்பட்டது" என்று காட்டும் நேரத்தையும் பக்கத்தில் வையுங்கள். வாசலில் கேமரா இருந்தால் இன்றே பதிவை இறக்கிவிடுங்கள். பழைய பதிவு தானாக அழிந்துவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, நகலை அனுப்புங்கள். எந்தத் தலைப்பில் புகார் செய்தீர்கள்?

மூன்றாம்மாடி:
"டெலிவரியில் சிக்கல்".

பழைய குறைதீர்ப்பாளர்:
அங்கேதான் தவறியிருக்கிறது. பொருள் சேர்ந்துவிட்டதா என்று மட்டும் பார்த்து மூடியிருப்பார்கள். "முகவரின் நடத்தை" அல்லது "கூடுதல் பணம் கேட்டார்" என்ற தலைப்பில் மீண்டும் எழுதுங்கள். கோபத்தை விலக்கி, நேர வரிசையில் நாலு வரி போதும். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள்; "மோசமாகப் பேசினார்" என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது. பழைய புகார் எண்ணையும் சேருங்கள்.

வெயில்நிழல்:
அவர் படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டால் உடனே அசைவார்களே?

பழைய குறைதீர்ப்பாளர்:
வேண்டாம். அவருக்கு உங்கள் வீடு தெரியும். படத்தை நிறுவனத்திடம் மட்டும் கொடுங்கள்.

மூன்றாம்மாடி:
கேமராவில் கிடைத்துவிட்டது! 6.38க்கு வருகிறார், 6.42க்குப் பணம் போகிறது, 6.43க்குப் பெட்டியை உள்ளே தள்ளுகிறார். ஒலி இல்லை, ஆனால் கைப்பேசியை அம்மா முகத்துக்கு நேரே நீட்டுவது தெளிவாகத் தெரிகிறது. புகாரை மறுபடி திறந்து, பதிவைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அடுத்த முறையும் அவரே வந்தால்?

பழைய குறைதீர்ப்பாளர்:
அவரை அனுப்ப வேண்டாம் என்று அதே புகாரில் எழுத்தில் கேளுங்கள். சில இடங்களில் செய்வார்கள், உறுதி சொல்ல மாட்டேன். அதுவரை அம்மா தனியாக இருக்கும் நேரத்துக்கு எதையும் வரவழைக்காதீர்கள்.