வாடகை வீட்டு முறுக்குக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு: முகவரிச் சான்றில் சிக்கல்

திண்டுக்கல்லில் வாடகை வீட்டில் முறுக்கு, தட்டை போட்டு 200 கிராம் பாக்கெட்டாகப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க எண் இல்லாமல் இனி வாங்க மாட்டோம் என்கிறார்கள் கடைக்காரர்கள். கேட்பதும் நியாயம்தான்.

போன மாதம் அந்த ஆணையத்தின் FoSCoS தளத்தில் சிறு உற்பத்தியாளராகப் பதிவுக்கு விண்ணப்பித்தேன். போட்டோ, ஆதார் ஏற்றினேன். தயாரிக்கும் இடத்துக்கு ஆதாரம் கேட்டுத் திருப்பிவிட்டார்கள். வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில், கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில். இரண்டையும் சேர்த்து அனுப்பியும் அதே கேள்விதான் வருகிறது. இ-சேவை மையத்திலும் தெளிவாகச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை மாற்ற வீட்டுக்காரர் தயாராக இல்லை. கையெழுத்து மட்டும் போடுவாராம்.

இதே நிலையில் பதிவு வாங்கியவர்கள் சொல்லுங்கள்: வீட்டுக்காரரின் ஆட்சேபணையில்லாக் கடிதத்தோடு கரண்ட் பில் வைத்தால் ஏற்பார்களா?