தாகம் எப்போதும் ஒரு நியாயமா?

இரண்டாமாண்டு மாணவி
"பொதுவிதி இல்லாமல் எடுக்கும் அறமுடிவு வெறும் மனம்போன போக்கு" என்று வகுப்பில் ஒருவர் அடித்துச் சொன்னார். அது சரியா? மருத்துவமனை எடுத்துக்காட்டு ஒன்றோடு எளிமையாக விளக்க முடியுமா?

நெய்தல்வாணன்
படிக்கும்போதே எரிச்சல் வருகிறது. அந்த மனிதர் ஒரு வார்டில் ஒரு மணி நேரம் நின்று பார்த்திருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டார்.

மூன்று கட்டில்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் கட்டிலில் இருப்பவருக்குக் காலை 9 மணிக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை; அவர் 6 மணிக்குத் தண்ணீர் கேட்கிறார். இரண்டாமவருக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது, குடிக்கலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார், அவரும் கேட்கிறார். மூன்றாமவர் மனநோயால் ஓயாமல் தண்ணீர் குடித்து, இரத்தத்தில் சோடியம் குறைந்து, வலிப்பு வந்து சேர்க்கப்பட்டவர், அவரும் கேட்கிறார். இரண்டாம் கட்டிலில் தாகம் தண்ணீர் கொடுப்பதற்கான நியாயம். மூன்றாம் கட்டிலில் அதே தாகம் நோயின் அறிகுறி. அங்கே அது குவளையை எட்டாத இடத்தில் வைப்பதற்கான நியாயமாகிவிடுகிறது. ஒரு செய்தி ஓரிடத்தில் ஒரு செயலுக்கு ஆதரவாகவும் வேறோரிடத்தில் எதிராகவும் நிற்கக்கூடும் என்பதைத்தான் அறவியல் அறிஞர் ஜானதன் டான்சி 2004இல் வந்த தம் நூலில் விரிவாக வாதிட்டார். அப்படியிருக்க, "தாகத்தைத் தணிப்பது நன்று" என்ற பொதுவிதி மூன்றாம் கட்டிலில் எதைக் கற்றுக்கொடுக்கும்?

தருக்கன்
மூன்றாம் கட்டிலில் தாகம் எதிர்நியாயமாக மாறவில்லை. அதைவிடக் கனமான ஆபத்து ஒன்று தராசின் மறுதட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். தோற்றுப்போன நியாயம் இல்லாமல்போன நியாயம் ஆகாது. இதை மெய்யியலாளர் டபிள்யூ. டி. ராஸ் 1930லேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒரு கடமை வேறொன்றிடம் தோற்கும்போதும் அதன் இழுப்பு எஞ்சியிருக்கும்.

ஒரே ஒரு சான்று போதும். தண்ணீர் மறுக்கும் செவிலியர் ஈரப் பஞ்சால் நோயாளியின் உதட்டை நனைக்கிறார். தாகம் நியாயமே இல்லையென்றால் உதட்டை ஏன் நனைக்க வேண்டும்?

வார்டு அக்கா
நான் 22 ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றுகிறேன். நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். "நள்ளிரவுக்குப் பிறகு வாயில் ஒன்றும் படக்கூடாது" என்றுதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்ற அச்சமே காரணம்; 1946இல் மெண்டல்சன் என்ற மருத்துவர் மகப்பேற்றில் அப்படி நேர்ந்த 66 பேரைப் பற்றி எழுதிய பிறகு அந்த அச்சம் ஆழப் பதிந்துவிட்டது. இப்போதைய வழிகாட்டுதல் வேறு: மயக்க மருந்து கொடுப்பதற்கு 2 மணி நேரம் முன்வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம், இட்லி போன்ற எளிய உணவு என்றால் 6 மணி நேர இடைவெளி வேண்டும். எனவே முதல் கட்டில்காரருக்கு 6 மணிக்குத் தண்ணீர் கொடுக்கலாம். ஆனால் பல இடங்களில் இன்னும் நள்ளிரவுக் கணக்குத்தான் ஓடுகிறது.

வைகைக்கரை
அக்கா சொன்னதோடு விவாதம் முடிந்துவிட்டதே. பழைய விதி தவறு, புதிய விதி சரி. விதியைத் திருத்தினால் போதும். விதியையே தூக்கி எறிய வேண்டியதில்லை.

நெய்தல்வாணன்
முடிந்துவிட்டது என்று அறிவிக்க இவ்வளவு அவசரமா? முதல் கட்டில்காரருக்கு 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் என்றும், இரைப்பை மெதுவாகக் காலியாகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 2 மணி நேரக் கணக்கு இப்படிப்பட்ட தடையில்லாதவர்களுக்கு, முன்கூட்டித் திட்டமிட்ட சிகிச்சைக்கு எழுதப்பட்டது. நேற்று மாலை சாப்பிட்டது இன்னும் நெஞ்சுக்கு அடியிலேயே நிற்கிறது என்று இவர் சொல்வதைக் கேட்டு, இவர் அந்தக் கணக்குக்குள் வருவாரா என்று முடிவு செய்பவர் யார்? அதற்கு இன்னொரு விதி எழுதினால், அது இவருக்குப் பொருந்துமா என்று பார்க்க மறுபடியும் ஒரு கண் வேண்டும். ராஸே, கடமைகள் மோதும்போது எது வெல்லும் என்று சொல்ல விதி எதுவும் தரவில்லை. அந்தந்த நிலைமையைக் கூர்ந்து காண்பதிடமே விட்டுவிட்டார். தருக்கன் பெருமையோடு இழுத்துவந்த சாட்சியே பாதி தூரம் என்னோடு நடக்கிறார்.

உதட்டுக்கு வருகிறேன். உதடு நனைவது முதல் கட்டிலில். நான் பேசியது மூன்றாம் கட்டிலைப் பற்றி.

தென்றல்
கொள்கை இல்லாதவர்களுக்காக இவ்வளவு பரிந்து பேசுவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. என் அப்பாவுக்குக் காலையில் நடக்கவேண்டிய அறுவைச் சிகிச்சை பிற்பகலுக்குத் தள்ளிப்போனது. 14 மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் தரவில்லை. கேட்டதற்கு "ரூல்" என்று ஒரே சொல்லில் பதில். 71 வயது மனிதர் நாக்கு ஒட்டிக்கொண்டு பேசமுடியாமல் படுத்திருந்தார். மனிதர்களிடம் கொள்கை இல்லாமல் போனதால்தான் இந்த நிலைமை.

நெய்தல்வாணன்
உங்கள் அப்பா பட்ட துன்பத்துக்கு வருந்துகிறேன். ஆனால் நாங்கள் நேர்மை இல்லாதவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. உங்கள் அப்பாவை வாட்டியது விதி இல்லாமை அன்று. விதி இருக்கிறதே என்று அவருடைய முகத்தைப் பார்க்காமல் விட்டதுதான்.

தருக்கன்
அடுத்தவர் துயரத்தை உடனே தன் கட்சிக்கு எடுத்துக்கொள்வது இவருக்குப் பழக்கம். தென்றல், உங்கள் அப்பாவுக்கு அநீதி நடந்தது என்று உங்களால் எப்படிச் சொல்ல முடிகிறது? யாரையும் காரணமில்லாமல் துன்புறுத்தக்கூடாது என்ற பொதுவிதி உங்களுக்குள் இருப்பதால்தான். சிகிச்சை தள்ளிப்போனதும் அந்தக் காரணம் போய்விட்டது. விதி மட்டும் அப்படியே நின்றது. மேலும், இரவுப் பணியில் யார் வந்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தானே உறவினரை அங்கே விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறோம்? ஒவ்வொருவரும் தம் கண்ணை மட்டும் நம்பினால் அந்த நம்பிக்கைக்கு எதைப் பிடிமானமாகக் கொள்வது?

உதடு பற்றிய கேள்விக்குப் பதில் வரவில்லை. மூன்றாம் கட்டிலிலும் நனைப்பார்கள் என்றுதான் சொல்கிறேன்.

நெய்தல்வாணன்
நனைக்கமாட்டார்கள்.

தருக்கன்
போன மாதம் வாக்குறுதி பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் ஒற்றைச் சொல்லை வீசிவிட்டு மறைந்துபோனீர்கள். மிரட்டி வாங்கிய வாக்குக்கு எடையே இல்லை என்பதற்குச் சான்று தருவதாகச் சொன்னீர்கள், இன்றுவரை தரவில்லை.

நெய்தல்வாணன்
கத்தியைக் காட்டி வாங்கிய வாக்கு எந்தத் தட்டிலும் ஏறாது என்பதற்கு எதற்குத் தனிச் சான்று? அந்த விவாதத்தில் என்னை மாணவர் என்று நினைத்துப் பாடம் நடத்தியவர் நீங்கள். அதனால்தான் விலகினேன்.

வைகைக்கரை
2 மணி நேர விதியில் சர்க்கரை நோயாளிக்கு ஒரு விலக்கு எழுதிவிட்டால் தீர்ந்தது என்று மறுபடியும் சொல்கிறேன். யாருமே கவனிக்கவில்லை.

இரண்டாமாண்டு மாணவி
வெள்ளிக்கிழமை தேர்வு. மூன்றாம் கட்டிலில் தாகம் தோற்கிறதா, திசை மாறுகிறதா? எதை எழுதட்டும்?

நெய்தல்வாணன்
திசை மாறுகிறது என்று எழுதுங்கள். காரணத்தையும் எழுதுங்கள்: இரண்டாம் கட்டிலில் அவர் கேட்பது அதிகரித்தால் கொடுக்கும் நியாயம் வலுக்கிறது, மூன்றாம் கட்டிலில் கேட்பது அதிகரித்தால் மறுக்கும் நியாயம் வலுக்கிறது. தோற்ற நியாயம் இப்படி நடந்துகொள்ளாது.

தருக்கன்
பாதியை மறைக்கிறார். கேட்பது அதிகரித்தால் ஆபத்துக்கான அடையாளம்தான் வலுக்கிறது; நாக்கு வறண்ட வேதனையும் கூடவே வலுக்கிறது. இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

வார்டு அக்கா
இருவரும் கேட்பதால் சொல்கிறேன். மனநலப் பிரிவில் ஓராண்டு இருந்திருக்கிறேன். அங்கே அப்படிப்பட்டவருக்கு அளவாகப் பனிக்கட்டித் துண்டு கொடுப்போம். குடித்த அளவில் அதையும் சேர்த்து எழுதிவைப்போம்.

தருக்கன்
பார்த்தீர்களா! பனிக்கட்டி கொடுத்திருக்கிறார்கள். வேதனை அங்கேயும் நியாயமாகத்தான் நின்றிருக்கிறது.

நெய்தல்வாணன்
அளந்து, கணக்கில் எழுதி, வேறு வழியாகத் தண்ணீர் தேடி ஓடாமல் இருக்கக் கொடுத்தது. அது சிகிச்சையின் ஒரு பகுதி, தாகத்துக்குச் செலுத்திய மரியாதை அன்று. அக்கா, எதற்காகக் கொடுத்தீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

வார்டு அக்கா
ஒருவர் ஒரு நாள் அழுதார். அதனால் கொடுத்தேன். மற்ற நாள்களில் சீட்டில் எழுதியிருந்ததால் கொடுத்தேன். எனக்கு இப்போது பணி நேரம்.

தருக்கன்
அழுதார் என்பதைக் கவனியுங்கள்.

நெய்தல்வாணன்
ஒரு நாள் என்பதைக் கவனியுங்கள்.