ஒளிப்பதிவு விபரத்தில் இந்த வரியை எப்படி எழுதுவது?

வணக்கம் அண்ணன்மார், அக்காமார். ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். ஒரு தயாரிப்பாளர் என் வேலை விபரம் கேட்டிருக்கிறார், வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும்.

பொகவந்தலாவையில் எடுத்த 22 நிமிட ஆவணப்படம். 9 நாள் படப்பிடிப்பில் 6 நாள் நான். எனக்குக் காய்ச்சல் வந்ததால் மிச்ச 3 நாளும் இன்னொரு தம்பி எடுத்தார். பனிமூட்டத்துக்குள் கொழுந்துக் கூடைகள் மட்டும் அசையும் முதல் காட்சி அவருடையது. பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். படத்தில் அவர் பெயர் ‘கூடுதல் ஒளிப்பதிவு’ என்று வருகிறது. அந்தக் காட்சியை என் ஷோரீலில் இருந்து எடுத்துவிட்டேன்.

அப்புறம் ஃபோர்மட். முன்பு வெறுமனே ‘4கே’ என்று போட்டிருந்தேன். ஒரு விழாவில் 4கே பிரதி கேட்டார்கள், எங்களிடம் 1080 பிரதிதான் இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்:

‘ஒளிப்பதிவு (கூடுதல் ஒளிப்பதிவு வேறொருவர்). ஆவணப்படம், 22 நிமிடம். பதிவு 4கே, 25 ஃபிரேம். இறுதிப் பிரதி 1080.’

இதன் கீழே இயக்குநர், எடிட்டர், கலரிஸ்ட் பெயர்கள் வரும். தம்பியின் பெயரையும் அங்கேயே போடுவதா, இல்லை நாள் கணக்கோடு முதல் வரியிலேயே சொல்வதா? இப்படி விபரம் பார்த்து ஆள் எடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.