கெட்ட வார்த்தைக்குப் பவுடர் பூசலாமா?

சேத்துப்பட்டு சேகர்: கோர்ட்டில் சாட்சி கெட்ட வார்த்தை சொன்னால், மொழிபெயர்ப்பவர் "ஆபாசமாகத் திட்டினார்" என்று சொன்னால் போதாதா? நாலு பேர் இருக்கும் சபையில் நீதிபதியே அதை அப்படியே சொல்லச் சொல்வது அநாகரிகம். அர்த்தம் போய்ச் சேர்ந்தால் சரி.

மண்ணடி துபாஷி: "ஆபாசமாகத் திட்டினார்" என்பது சாட்சி சொன்னதல்ல ஐயா, நீங்கள் எழுதிய தீர்ப்பு. ஆபாசமா, வெறும் வசவா என்று முடிவு செய்யத்தான் நீதிபதி மேலே உட்கார்ந்திருக்கிறார். பொது இடத்தில் ஆபாச வார்த்தை பேசியதற்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 294(பி), இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 296. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: திட்டினார், அவமானப்படுத்தினார் என்பது மட்டும் இந்தப் பிரிவுக்குப் போதாது. என்ன வார்த்தை என்று தெரியாமல் இதை எப்படிப் பார்ப்பது? நீங்கள் கண்ணியம் காத்தால் வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக என் அனுபவம். சாட்சி பீகாரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி. மேஸ்திரி தெருவில் வைத்து இந்தியில் திட்டினான் என்று இரண்டு சொற்களைச் சொன்னார். முதல் சொல் "சாலா". இரண்டாவது சகோதரியை இழுப்பது, இங்கே எழுத மாட்டேன். நானும் கூச்சத்தில் இரண்டாவதை முழுங்கிவிட்டு, முதலாவதை அகராதிப்படி "மச்சான்" என்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "மச்சான் என்று கூப்பிட்டால் கேஸா?" என்றார். கோர்ட்டே சிரித்தது. சாட்சி ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

நீதிபதி சிரிக்கவில்லை. "அவர் வாயில் வந்தது என்ன, அதைச் சொல்லுங்கள்" என்றார். அப்புறம் இரண்டு சொல்லையும் ஒலி மாறாமல் சொன்னேன். டைப்பிஸ்ட் தமிழ் எழுத்தில் அடித்தார். பக்கத்தில் நேர்ப்பொருள். நீதிபதி கேட்டபிறகுதான் விளக்கம்: "மனைவியின் சகோதரன் என்று பொருள், வசவாகச் சொன்னால் உன் அக்கா தங்கையோடு எனக்கு உறவு என்ற குத்தல்."

சேத்துப்பட்டு சேகர்: ஆக, நீங்களே மச்சான் என்று தப்பாகச் சொல்லிவிட்டு, எனக்கு வகுப்பு எடுக்கிறீர்கள். பேஷ்.

பாட்னா ரிட்டர்ன்: "சாலா" கெட்ட வார்த்தையே இல்லை. அங்கே ஆறு வருடம் இருந்தேன், நண்பர்கள் நாளைக்கு நூறு தடவை சொல்வார்கள். மச்சான் சரியான மொழிபெயர்ப்புதான்.

மண்ணடி துபாஷி: நண்பன் சொல்வது வேறு, கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு மேஸ்திரி சொல்வது வேறு. எந்தத் தொனி என்று நான் தீர்மானிக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஒலியை அப்படியே பதிவு செய்கிறோம்.

சூளை வசந்தா: எங்கள் வீட்டுப் பத்திரம் தெலுங்கில் இருந்தது. மொழிபெயர்த்தவர் "கிழக்கு" என்பதை "மேற்கு" என்று எழுதி மூன்று வருடம் இழுத்தடித்தோம். மொழிபெயர்ப்பாளர்களை நம்பவே கூடாது.

மண்ணடி துபாஷி: அம்மா, அது பத்திரம். இங்கே பேச்சு வேறு.

சேத்துப்பட்டு சேகர்: அந்த இரண்டாவது சொல்லுக்கு நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வசவு இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன? அதே காட்டம்தானே?

மண்ணடி துபாஷி: காட்டம் ஒன்று, ஆள் வேறு. சென்னை வசவு அம்மாவிடம் போகும், அந்தச் சொல் சகோதரியிடம் போகிறது. மேஸ்திரி வாயில் வராத அம்மா பதிவில் ஏறிவிடுவாள். போலீஸ் வாக்குமூலத்தில் சகோதரி, கோர்ட்டில் அம்மா. குறுக்கு விசாரணையில் "மாற்றிச் சொல்கிறாய்" என்று சாட்சியைத்தான் கிழிப்பார்கள், என்னை அல்ல. சத்தியம் செய்துவிட்டுத்தான் இந்த வேலைக்கு நிற்கிறோம். உண்மையான பொருளைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. கூச்சத்துக்கு அதில் விலக்கு இல்லை.

பாட்னா ரிட்டர்ன்: எல்லாம் சரி, மச்சான் தப்பில்லை.

சேத்துப்பட்டு சேகர்: சாட்சி கோபத்தில் வக்கீலையே திட்டினால்? அதையும் அப்படியேவா?

மண்ணடி துபாஷி: அதையும். அப்படி ஒருமுறை சாட்சி திட்டியதை, அவர் சொன்ன மாதிரியே "நான்" என்று தன்மையில் சொல்லப்போய், வக்கீல் என்னை முறைத்தார். பதிவில் ஏற்றலாமா வேண்டாமா என்பது நீதிபதி பாடு. நான் வடிகட்டி இல்லை.

சேத்துப்பட்டு சேகர்: மச்சான் என்று வடிகட்டியது யார்?

மண்ணடி துபாஷி: ஒருநாள் தப்பை எத்தனை தடவை சொல்வீர்கள்? போன மாதம் வாடகை விவாதத்தில் உங்கள் கணக்கைத் திருத்தியதிலிருந்து இப்படித்தான் இருக்கிறீர்கள்.

சேத்துப்பட்டு சேகர்: அந்தக் கணக்கு சரிதான்.

சூளை வசந்தா: எங்கள் பத்திரம் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே?

பாட்னா ரிட்டர்ன்: மச்சான்.