கூலரா ஏசியா: வாங்கி மாட்டிக்கிட்டவங்க உங்க கதையைச் சொல்லுங்க

வேலூர் வெயிலான்:
போன மே மாசம் நடந்தது, இன்னும் மனசுல உறுத்துது. பத்துக்குப் பன்னண்டு ரூம், மேல மொட்டை மாடி, வாடகை வீடு. கூலர் வாங்கின அன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்கு ஊட்டி மாதிரி இருந்துச்சு. சில்லுனு காத்து வெளிய போயிடுமேன்னு ஜன்னல் கதவு எல்லாத்தையும் இறுக்கி சாத்திட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சா தலகாணி நசநசன்னு ஈரம், கரண்ட் போச்சுன்னு மெழுகுவத்தி ஏத்தப் போனா தீப்பெட்டி நமுத்துப்போயி ஒரு குச்சியும் பத்தல. காலைல மர பீரோ கதவு உப்பிக்கிட்டு திறக்கவே வரல, ஆபீஸ் சட்டை உள்ள. ஏசியே வாங்கியிருக்கணுமோ?

தாம்பரம் தம்பி:
கூலரே வேஸ்ட் ப்ரோ, எங்க வீட்ல ஒரு வாரம் ஓட்டிட்டு பரண்ல போட்டாச்சு. ஏசி வாங்குங்க, வேற பேச்சே இல்ல.

கரூர் அக்கா:
தம்பி, அவர் வேலூர்னு சொல்றாரு, நீங்க கடல் காத்து வர்ற ஊர்லேர்ந்து தீர்ப்பு சொன்னா எப்படி. எங்க ஊர்ல ஆறு வருஷமா கூலர்தான், நல்லாத்தான் இருக்கு. ஒரே விஷயம், டேங்க்ல ஐஸ் கட்டி போடணும், அப்பதான் ஏசி மாதிரி வரும். நான் தினம் ரெண்டு டப்பா போடுவேன்.

பழைய மெக்கானிக்:
ஐஸ்ல ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு கிலோ ஐஸ் கால் மணி நேரம்கூட தாங்காது, குளிர்ச்சி வர்றது தண்ணி ஆவியாகறதுல. உங்க ஊர் காத்து காய்ஞ்ச காத்து, அதான் உங்களுக்கு வேலை செய்யுது.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க. சுவத்துல மாட்டற தெர்மாமீட்டர் அடிக் குமிழ்ல ஈரத்துணி சுத்தி ஃபேன் முன்னாடி பத்து நிமிஷம் வைங்க. வேலூர்ல மே மாச மத்தியானம் சும்மா வெச்சா 41 காட்டும், ஈரத்துணியோட 23 கிட்ட காட்டும். அந்த 18 டிகிரி வித்தியாசத்துல முக்கால்வாசியை நல்ல பேட் உள்ள கூலர் குறைக்கும், அதாவது 28 டிகிரி காத்து வரும். அதே சோதனையை தாம்பரத்துல பண்ணா வித்தியாசம் ஆறோ ஏழோதான் இருக்கும், தம்பி கூலர் பரணுக்குப் போனது அதனாலதான்.

வெயிலான் சார், உங்க தப்பு ஜன்னல்தான். கூலர் ஓட ஓட மணிக்கு ஏழெட்டு லிட்டர் தண்ணி காத்துல கலக்குது, அது வெளிய போக வழி இல்லேன்னா ரூமே குளியலறைதான். கூலர் முதுகு ஒரு ஜன்னலைப் பாத்து இருக்கணும், எதிர்ப்பக்க ஜன்னல் திறந்து இருக்கணும். ராத்திரி காத்துல ஈரம் ஏறினா பம்ப் ஸ்விட்சை மட்டும் ஆஃப் பண்ணிட்டு வெறும் காத்தா ஓட்டுங்க. உங்க ரூம் சுமார் 1,200 கன அடி, அதுல பாதி, நிமிஷத்துக்கு 600 கன அடி காத்து தள்ளற கூலர் போதும். டப்பால கன மீட்டர்னு போட்டிருப்பான், மணிக்கு ஆயிரம் கிட்ட இருந்தா சரி. எதிர்ல ஜன்னலே இல்லாத ரூம்னா ஏசிக்குப் போயிடுங்க.

பில் பாத்து பயந்தவன்:
நான் சண்டைக்கு வரல, பில்லை மட்டும் சொல்றேன். எங்க வீடு ரெண்டு மாசத்துக்கு 380 யூனிட் ஓடும், 2024 ஜூலை ரேட்ல 1,100 ரூபா கிட்ட. 180 வாட் கூலரை தினம் எட்டு மணி நேரம் ஓட்டினா ரெண்டு மாசத்துல 86 யூனிட் கூடுது, பில் 1,600 பக்கம். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி சராசரி 700 வாட்னு வெச்சா 336 யூனிட் கூடி 716 ஆகுது, பில் நாலாயிரத்தைத் தாண்டுது. யூனிட்டுக்கான காசு மட்டும் இல்ல, 500 தாண்டினா 101லேர்ந்து 200 வரைக்கும் கிடைக்கற குறைஞ்ச ரேட்டே போயிடும், பழைய யூனிட்டுக்கும் சேத்து அடிப்பான். அந்த பில் கைக்கு வந்த அன்னிக்கு என் வீட்டம்மா பாத்த பார்வை இருக்கே!

மதுரை மாடிவீடு:
மாடி வீட்ல ஒரு டன் போதாது, எங்க தளம் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அடுப்பு மாதிரி சுடும். ஒண்ணரை டன் போட்டுக்கங்க. முதல்ல மாடில வெள்ளை சுண்ணாம்பு அடிங்க, அப்புறம் மத்ததெல்லாம். கூலர் ஓட்டறதா இருந்தா அதுல போர் தண்ணி ஊத்தாதீங்க, பேட்ல உப்பு கட்டி ஒரே சீசன்ல காத்து வராது, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை டேங்கை காலி பண்ணிட்டு புதுசா நிரப்புங்க, அப்படியே கொசுப் புழுவும் போயிடும்.

பழைய மெக்கானிக்:
120 சதுர அடிக்கு ஒண்ணரை எதுக்குங்க? மேல சுண்ணாம்பு அடிச்சா ஒரு டன்னே போதும்.

மதுரை மாடிவீடு:
எங்க ரூம்ல வந்து படுத்துப் பாருங்க சார்.

வேலூர் வெயிலான்:
நன்றிண்ணே. எதிர் ஜன்னல் இருக்கு, ஆனா அந்தப் பக்கம் வீட்டு ஓனரோட மாட்டுக் கொட்டகை. திறந்தா கொசு, சாத்தினா பீரோ. வலை அடிச்சா காத்து குறையுமா?